பள்ளி வாசலில் பாதியில் நிறுத்தும் விளையாட்டுகள்: முதல் வாரத்து அழுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அவிநாசிப் பக்கம் ஒரு சிறிய மழலையர் பள்ளியில் ப்ரீகேஜி குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். ஜூன் மாதத் தொடக்கத்திலும், விஜயதசமியன்று அரிசியில் எழுத வைத்துச் சேர்த்த குழந்தைகள் வகுப்புக்கு வரத் தொடங்கும் வாரத்திலும், பெற்றோர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்டவர்களின் பேச்சை அப்படியே விட்டுவிட்டு, பதில்களை மட்டும் நிதானமாக எழுதியிருக்கிறேன். இரண்டரை வயது முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கே இவை பொருந்தும்.

கேட்டைப் பாத்ததுமே கத்தி அழுகறாளுங்க. ஏதாச்சும் விளையாட்டுக் காட்டுனா நின்னுருமுங்களா?

எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்தது. பலூன், கைப்பேசிப் பாட்டு, மிட்டாய் என்று கவனத்தைத் திருப்பும் வேடிக்கைகள் இரண்டு நிமிடம் வேலை செய்யும். பலூனைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அம்மா நின்ற இடம் காலியாக இருக்கும். மறுநாள் அந்தக் குழந்தை பள்ளிக்கு மட்டுமல்லாமல் பலூனுக்கும் சேர்த்து அழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உதவுவது வேறு வகை விளையாட்டு. ஒருவர் போவதும் திரும்பி வருவதுமே அதன் உள்ளடக்கமாக இருக்க வேண்டும். மறைத்து வைத்த பொருள் மறைவிலும் இருக்கிறது என்பதைக் குழந்தை பிறந்த எட்டு, ஒன்பது மாதங்களிலேயே அறியத் தொடங்குகிறது. பிரிவுக்கு அழுவதும் ஏறத்தாழ அதே பருவத்தில்தான் தொடங்குகிறது, ஏனென்றால் இல்லாத ஆளைத் தேடுவதற்கு அந்த ஆள் எங்கோ இருக்கிறார் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது நன்றாகவே தெரியும். தெரியாதவை மூன்று: நிச்சயமாக வருவாளா, எப்போது வருவாள், அதுவரை இந்தப் புது மிஸ் தன்னைப் பார்த்துக்கொள்வாரா. முதல் இரண்டையும் விளையாட்டால் பழக்கலாம். மூன்றாவதை மிஸ்ஸின் மடிதான் சில நாட்களில் கற்றுக்கொடுக்கும்.

ஆகவே அழுகை நின்றுவிடும் என்று எதிர்பார்க்காமல், அதன் நேரம் குறையும் என்று மட்டும் எதிர்பாருங்கள்.

பள்ளிக்கூடம் சேக்கறதுக்கு எத்தன நாளைக்கு முன்னாடி பழக்கோணும்? என்ன பழக்கோணும்?

பத்து நாட்கள் கிடைத்தால் போதும். கண்ணாமூச்சியிலிருந்து தொடங்குங்கள், ஆனால் முதல் இரண்டு நாட்களும் ஒளிவது குழந்தையாக இருக்கட்டும். ஓர் ஈரிழைத் துண்டைத் தலைமேல் போர்த்திக்கொண்டு அது உட்காரும், நீங்கள் தேட வேண்டும். எப்போது துண்டை விலக்குவது என்பதைக் குழந்தையே முடிவு செய்வதால், பிரிவும் கூடலும் அதன் கையில் இருக்கின்றன. இதைத் தாவிவிட்டு முதலிலேயே பெரியவர் ஒளிந்துகொண்டால் விளையாட்டு பயமாக மாறிவிடும்.

அடுத்து நீங்கள் கதவுக்குப் பின்னால் ஒளியுங்கள், ஆனால் குரலை நிறுத்தாதீர்கள். 'கூ' என்று சொல்லிக்கொண்டே இருங்கள். அதற்கு அடுத்த நாள் குரலையும் நிறுத்தி, மனத்துக்குள் பத்து எண்ணிவிட்டு வெளியே வாருங்கள். குழந்தை கதவையே பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டு மறுபடி விட மறுத்தால், சிரித்தாலும்கூட, ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

நான்காவது படிதான் பள்ளிக்கு மிக அருகில் இருப்பது. ஒரு வேலையைச் சொல்லிவிட்டுப் போய், அந்த வேலை முடிந்ததற்கான அடையாளத்தோடு திரும்புவது. 'மாடிக்குப் போயித் துணி காயப் போட்டுட்டு வர்றஞ்சாமி' என்று நிறைந்த வாளியைக் காட்டிவிட்டுப் போங்கள், வரும்போது காலி வாளியைக் குழந்தையின் முன் கவிழ்த்துக் காட்டுங்கள். அந்த நேரத்தில் அம்மிச்சியோ அப்பத்தாவோ கூட இருக்கட்டும். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், கடைக்குப் போய்வரும் பதினைந்து நிமிடம் என்று நீட்டலாம். இடையில் குழந்தை அழுதால் பாதி வாளியோடு ஓடி வரக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அழுததால் அம்மா வந்தாள் என்றால் குழந்தை கற்பது அழுகை. வேலை முடிந்ததால் வந்தாள் என்றால் கற்பது வருகை. அழுகை தாங்க முடியாததாக இருந்தால் அடுத்த முறை பெரிய வாளிக்குப் பதிலாக இரண்டே துணிகளை எடுத்துப் போங்கள்.

வீட்டில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கதவுக்குப் பின்னால் நெடுநேரம் ஒளிந்திருந்து 'பே' என்று குதிப்பது வழக்கமாக இருக்கலாம். இந்தப் பத்து நாட்களுக்கு மட்டும் அவரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

கேட்டுகிட்ட நின்னு என்னங்க பண்றது? டாட்டா சொல்லிட்டு வந்தாப் போதாதா?

டாட்டா என்பது போவதை மட்டும் சொல்கிறது, வருவதைச் சொல்வதில்லை. எங்கள் வகுப்பில் நாங்கள் கற்றுக்கொடுப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த பருப்புக் கடையும் விளையாட்டுதான். அதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்பது மட்டுமே புதிது.

குழந்தையின் உள்ளங்கையை விரித்து, உங்கள் முழங்கையை ஊன்றிப் பருப்பைக் கடையுங்கள். சோறு போட்டு, நெய் ஊற்றிப் பிசைந்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே வாருங்கள்: அப்பாவுக்கு ஒரு வாய், அப்புச்சிக்கு ஒரு வாய், அம்மிச்சிக்கு ஒரு வாய், மிஸ்ஸுக்கு ஒரு வாய். வழக்கமாகக் கட்டைவிரல் முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, நண்டூருது நரியூருது என்று அக்குள்வரை ஊர்ந்து கிச்சுகிச்சு மூட்டுவோம். இங்கே அப்படிச் செய்யாமல், கட்டைவிரலையும் மடக்கி மூடிய கைமேல் உங்கள் கையை வைத்து, 'இது அம்மாவுக்கு. மூடி வெச்சுக்கோ. சோத்து மணி அடிச்சதும் அம்மா வந்து தின்னுக்கறேன்' என்று சொல்லி எழுந்துவிடுங்கள். மதியம் அழைத்துப்போக வரும்போது, வேறெதுவும் பேசுவதற்கு முன் அந்தக் கையைத் திறந்து உங்களுக்கான அந்த ஒரு வாய்ச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, காலையில் விட்ட நண்டை ஊர விடுங்கள்.

இதில் முக்கியமானது அந்தக் குறை. முழுதாக முடிந்த விளையாட்டு விடைபெறுதலாகிவிடுகிறது, நின்றுபோன விளையாட்டின் மீதி குழந்தையின் கைக்குள் இருக்கிறது. வகுப்பில் அம்மா நினைவு வந்து உதடு பிதுங்கும்போது, சில குழந்தைகள் தாமாகவே கையை மூடிக்கொண்டு அதைப் பார்ப்பதுண்டு. 'அம்மாவோட சோறு இருக்குதா?' என்று கேட்டால் தலையாட்டுவார்கள்.

செய்யும் இடத்தில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கேட்டுக்கு முன் வண்டியை நிறுத்தும்போதே குழந்தையின் உடம்பு விறைத்துவிடுகிறது, கதறத் தொடங்கிய பிறகு எந்த விளையாட்டும் உள்ளே ஏறாது. தெருமுனையிலோ, ஐம்பது அடிக்கு முன்னால் ஒரு வேப்பமர நிழலிலோ ஸ்கூட்டியை நிறுத்தி அங்கேயே பருப்பைக் கடைந்து முடித்து, மூடிய கையோடு கேட்டுக்கு வாருங்கள். வாசலில் மிஸ்ஸின் கையில் கொடுத்து ஒரு முத்தம், ஒரு சொல், அவ்வளவுதான். அரை நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'இன்னொருக்கா' என்று கேட்டால் 'இன்னொருக்கா மத்தியானம்' என்பதே பதில். மூன்று முறை திரும்ப ஓடிவந்து கட்டிக்கொண்ட ஓர் அம்மாவின் மகன், நான்காவது முறைக்காக அன்று முழுவதும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். உங்கள் உள்ளங்கையிலேயே கடைந்து, உங்கள் விரலை மடக்கி எடுத்துப் போங்கள். மதியம் அது தானாகக் கையை நீட்டும், அல்லது மறுநாள் நீட்டும்.

வெளையாடிட்டு இருக்கறப்ப சொல்லாமக் கொள்ளாம வந்துட்டா அழுகையே இல்லீங்களே?

நீங்கள் இருக்கும்வரை இல்லை, அவ்வளவுதான். நீங்கள் போன பிறகு, எதிர்பாராத நேரத்தில், இரண்டு மடங்காக வரும். அதைவிடப் பெரிய இழப்பு மறுநாள் தெரியும். குழந்தை விளையாட்டுச் சாமானைத் தொடாது, ஏனென்றால் விளையாடிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா காணாமல் போனாள். வீட்டில் நீங்கள் குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டும். பத்து நாள் பழக்கிய கண்ணாமூச்சி ஒரே காலையில் கலைந்துவிடும்.

'மிட்டாய் வாங்கிட்டு இப்ப வந்துர்றேன்' என்பதும் நழுவுவதுதான். 'அழுதா மிஸ் ஊசி போட்டுருவாங்க' என்று வாசலில் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த மிஸ்ஸிடம்தான் குழந்தையை மூன்று மணி நேரம் விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

'எப்ப வருவ, எப்ப வருவ'ன்னு கேட்டுட்டே இருக்கறான். பன்னெண்டரைன்னு சொன்னாப் புரியுமுங்களா?

புரியாது. மூன்று வயதில் நேரம் என்பது அடுத்தடுத்து நடக்கும் காரியங்களின் வரிசை. ஆகவே நேரத்தைக் கையால் தொடும்படி ஆக்க வேண்டும். திருப்பூர்ப் பக்கத்தில் இதற்குத் தோதான பொருள் காசில்லாமலே கிடைக்கிறது. பனியன் கம்பெனிகளில் நூல் தீர்ந்தபின் ஒதுக்கும் காகிதக் கோன்கள்தாம் அவை. ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் அழகாக உட்காரும், விழுந்தால் வலிக்காது.

ஐந்து கோன்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டுகிறோம்: பால் டம்ளர், மணல், கதைப் புத்தகம், சோற்றுத் தட்டு, கடைசியில் ஒரு ஸ்கூட்டி. ஒவ்வொரு காரியம் முடிந்ததும் அந்தக் கோனைக் குழந்தை அடுக்க வேண்டும். ஸ்கூட்டிக் கோன் மேலே ஏறும்போது அம்மா வாசலில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் ஒருமுறை விளையாடிப் பார்த்துவிடுங்கள். வீட்டுக் கோன்களில் பல் விளக்குவதும் தோசை தின்பதும் இருக்கலாம், கடைசிக் கோனில் அப்பா வேலையிலிருந்து வருவது இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. ஸ்கூட்டிக் கோன் ஏறிய பிறகு நீங்கள் பதினைந்து நிமிடம் தாமதித்தால் இந்த விளையாட்டு அன்றோடு செத்தது. முதல் வாரம் முழுவதும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நில்லுங்கள். வழியில் மாட்டிக்கொண்டால் பள்ளிக்குப் போன் செய்யுங்கள். சோற்றுக் கோனை நாங்கள் கொஞ்சம் மெதுவாக ஏற்றுவோம்.

முதலில் நான் கோன்களுக்குப் பதில் புளியங்கொட்டைகளைத்தான் வைத்திருந்தேன். ஒரு பையன் நான்காவது கொட்டையை மூக்கில் செருகிக்கொண்டான். டாக்டரிடம் கொண்டுபோய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது, அன்று அழுதவள் நான். மூன்று, நான்கு செ.மீ.க்குக் குறைவான எதையும், அதாவது குழந்தையின் வாய்க்குள் முழுதாகப் போய்விடக்கூடிய எதையும், முதல் வார விளையாட்டுக்கு எடுக்காதீர்கள். அழுதுகொண்டிருக்கும் குழந்தை மூச்சை வேகமாக உள்ளிழுக்கும். அந்த நேரத்தில் வாயில் மிட்டாயோ நிலக்கடலையோ இருப்பதும் ஆபத்துதான்.

நானும் புதுசா சேந்த மிஸ்தாங்க. ஒரே நேரத்துல ஏழெட்டுக் குழந்தைங்க அழுகுது. என்ன வெளையாட்டு வெக்கிறது?

முதலில் ஏழெட்டுக் குழந்தைகள் ஒரே நேரத்தில் வராதபடி தலைமையாசிரியரிடம் பேசுங்கள். திங்களன்று இரண்டு பேர், புதனன்று இன்னும் இரண்டு பேர் என்று சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும், அழுகை தொற்றிக்கொள்ளும் பொருள்.

வட்டமாக நிற்க வைத்துக் கைதட்டிப் பாடும் விளையாட்டுகள் முதல் வாரத்துக்கு உரியவை அல்ல. சத்தம் கூடுகிறது, தெரியாத கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது, எல்லாரும் தன்னைப் பார்க்கிறார்கள். கையை நனைக்கும் விளையாட்டுகளை வையுங்கள். அகலமான ஒரு டப்பில் முழங்கை நனையாத ஆழத்துக்குத் தண்ணீர், இரண்டு சிரட்டைகள், ஒரு புனல் போதும். ஆற்று மணலும் தேங்காய்ச் சிரட்டையும் இருந்தால் இட்லி சுட்டே ஒரு மணி நேரம் போகும். தண்ணீர் வைத்தால் ஒரு பெரியவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது, முடிந்தவுடன் கவிழ்த்துவிட வேண்டும்.

அழும் குழந்தையின் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். அதைக் கூப்பிடாமல், நீங்கள் பாட்டுக்குச் சிரட்டையில் தண்ணீரை மோந்து புனலில் ஊற்றிக்கொண்டிருங்கள். அழுகைக்கு நடுவே இடைவெளி வரும். குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தண்ணீரைப் பார்க்கும் அந்த நொடியில் இன்னொரு சிரட்டையை அதன் பக்கம் நகர்த்துங்கள், பேசாதீர்கள். 'அம்மா வேணும்' என்றால், 'அம்மா வேணுமா, ஆமா சாமி, ஸ்கூட்டிக் கோன் வந்ததும் வருவாங்க' என்று அதே சொல்லை ஒப்புக்கொண்டு பதில் சொல்லுங்கள். 'அம்மா இப்ப வந்துருவாங்க' என்பது பொய், 'அழுகாதே' என்பது உத்தரவு, இரண்டையும் விட்டுவிடலாம். முதல் வாரத்தில் ஒரு குழந்தையைத் தினமும் ஒரே ஆள் வாங்க வேண்டும். ஆயாம்மாவின் இடுப்புதான் அதற்குப் பிடித்திருக்கிறது என்றால், மிஸ் என்ற கௌரவத்தைப் பார்க்காமல் ஆயாம்மாவையே வாங்கச் சொல்லுங்கள்.

அழுபவர்களைப் பார்த்துக்கொண்டே அழாதவரைத் தவற விட்டுவிடாதீர்கள். பையைத் தோளிலிருந்து கழற்றாமல், தின்பண்டத்தைத் தொடாமல், சுவரோரம் சத்தமின்றி நிற்கும் குழந்தை சமத்து என்று நாம் சொல்லிவிடுகிறோம். அழுது, நின்று, மறுபடி அழும் குழந்தையைவிட அதற்குத்தான் மடி அதிகம் தேவை.

ஒரு வாரம் நெசமாலுமே எப்படித்தாங்க போகும்?

போன ஜூனில் வந்த ஒரு குழந்தையைச் சொல்கிறேன். மூன்று வயது இரண்டு மாதம், அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை, அப்பா இரவு ஷிப்ட். ஜெர்மனியில் பல மழலையர் காப்பகங்கள் பின்பற்றும் பெர்லின் முறையில், முதல் மூன்று நாட்கள் தாயோ தந்தையோ குழந்தையோடு வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான்காம் நாள்தான் சிறிது நேரம் வெளியே போய்ப் பார்ப்பார்கள். நல்ல முறை, ஆனால் இந்த அம்மாவுக்குக் கிடைத்தது ஒன்றரை நாள் பர்மிஷன். அதை வைத்து அந்த வாரத்தை வெட்டினோம்.

திங்களன்று அம்மா வகுப்புக்குள்ளேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், பிறகு இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவை ஒரு மூலையில் உட்கார வைத்து, குழந்தையோடு விளையாடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வந்தால் மடி கொடுக்கலாம், கூப்பிடக் கூடாது. குழந்தை ஐந்து முறை தண்ணீர் டப்புக்கும் அம்மாவுக்கும் இடையே போய்வந்தது. அந்தப் போக்குவரத்துதான் அன்றைய விளையாட்டு.

செவ்வாயன்று காலை அம்மா, 'பாத்ரூம் போயி மூஞ்சி கழுவிட்டு வர்றேன்' என்று சொல்லிப் பத்து நிமிடம் வெளியே போனார். குழந்தை ஏழு நிமிடம் அழுதது. ஈர முகத்தோடு அம்மா திரும்பி வந்ததும், அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்தது. இரண்டாம் முறை அரை மணி நேரம் போனபோது நான்கு நிமிடம்தான் அழுகை.

புதனன்று அம்மிச்சி கொண்டுவந்து விட்டார். எல்லாம் சொல்லியிருந்தும், பேத்தி மணலில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் மனம் கேட்காமல் பின்பக்கமாக நழுவிவிட்டார். இருபத்தைந்து நிமிடக் கதறல், வாந்தி. பதினொரு மணிக்கே அழைத்துப்போகச் சொன்னோம். அன்று மாலை நான் போனில் பேசியபோது அம்மிச்சி, 'எனக்கும் அழுகாச்சி வந்துருச்சுங் கண்ணு, அது மூஞ்சியப் பாத்துட்டு எப்படிப் போறது' என்றார். நியாயமான பேச்சு. பருப்புக் கடைவதை அவரையே செய்யச் சொன்னேன். அவர்தான் மகளுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தவர்.

வியாழன் புதனைவிட மோசமாகத் தொடங்கியது, நழுவிய நாளுக்கு அடுத்த நாள் அப்படித்தான் இருக்கும். கேட்டில் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஆனால் அம்மிச்சி தெருமுனையிலேயே பருப்பைக் கடைந்து கையை மூடியிருந்தார். என் கையில் கொடுத்து, 'மத்தியானம் வந்து தின்னுக்கறேஞ்சாமி' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பதினாறு நிமிடம் அழுகை. கதைக் கோனை அடுக்கும்போது விசும்பல் மட்டும் இருந்தது. பன்னிரண்டு இருபதுக்கு அம்மிச்சி வந்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடியது.

வெள்ளியன்று ஆறு நிமிடம். சனிக்கிழமை விடுமுறை. வீட்டில் கோன் அடுக்கி, அப்புச்சியைப் பள்ளிக்கு அனுப்பி அழவைத்ததாகக் கேள்விப்பட்டேன்.

நிமிடங்களைக் கடிகாரம் பார்த்துக் குறிப்பது எதற்கு என்றால், வாசலில் கேட்கும் அழுகையின் சத்தம் நாள்தோறும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெளியே நிற்கும் அம்மாவுக்கு அது குறைவது தெரியாது. நீங்களும் மிஸ்ஸிடம், 'இன்னைக்கு அழுதாளா' என்று கேட்காமல், 'எத்தன நிமிசம்' என்று கேளுங்கள்.

நாள் பூரா நல்லாத்தான் இருந்தானாம். என்னையப் பாத்ததும் 'ஓ'ன்னு அழுகறான். அப்ப மிஸ் பொய் சொல்றாங்களா?

பெரும்பாலும் இல்லை. பிரிவு பற்றி ஆராய்ந்த மேரி ஐன்ஸ்வொர்த், தாய் சில நிமிடம் அறையை விட்டு வெளியேறித் திரும்பும் ஒரு சோதனையை வகுத்தார். பிரியும்போது அழுவதைவிட, தாய் திரும்பியதும் குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அதில் முக்கியமாகக் கவனித்தார்கள். ஓடிவந்து அழுது, கட்டிக்கொண்டு, சிறிது நேரத்தில் தணிந்துவிட்டால், காலையிலிருந்து தாங்கிக்கொண்டதைக் குழந்தை உரிய இடத்தில் இறக்கி வைக்கிறது என்று பொருள். 'என்ன படிச்ச, யாரு அடிச்சா' என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள். மூடிய கையைத் திறந்து நண்டை ஊர விடுங்கள், அதுவே போதும்.

மாலையில் பள்ளியைப் பற்றிப் பேச மறுத்தால், பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுங்கள். மிஸ் வேடம் குழந்தைக்கு, அழும் பிள்ளை வேடம் உங்களுக்கு. 'அழுகாதே, போய் உக்காரு' என்று விரலை ஆட்டி மிரட்டுகிறதா, தலையைத் தடவிக் கொடுக்கிறதா என்று பாருங்கள். வகுப்பில் நடப்பதில் ஓரளவு அதில் தெரியும், ஆனால் அதை வைத்து மட்டும் பள்ளிக்கு வந்து சண்டை போடாதீர்கள். மூன்று வயதில் கற்பனையும் கலந்துதான் வரும்.

என்னோட பழைய சேலத் துண்டு ஒண்ணக் குடுத்து விடலாமுங்களா?

தாராளமாக. துவைக்காத, உங்கள் வாசம் உள்ள பருத்தித் துணியாக, கைக்குட்டை அளவில் இருக்கட்டும். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் நீளம் கூடாது, ஊக்கால் குத்தியும் அனுப்ப வேண்டாம். வகுப்பில் யாரும் அதைப் பிடுங்காதபடி மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள். அதன் தேவை குறைந்தால் தானாகப் பைக்குள் போய்விடும்.

எங்களுக்கு வேன்தாங்க. கேட்டுக்கே நாங்க போறதில்லயே?

முடிந்தால் முதல் வாரம் மட்டும் நேரில் கொண்டுவந்து விடுங்கள். வேனில் போகும் குழந்தைக்கு வீடும் பள்ளியும் ஒன்றோடொன்று சேராத இரண்டு இடங்களாகிவிடுகின்றன, வழி தெரிந்த குழந்தைக்குத் திரும்பும் வழியும் தெரிகிறது. முடியாவிட்டால், சனி, ஞாயிறில் வேன் போகும் பாதையிலேயே ஸ்கூட்டியில் பள்ளிவரை போய்த் திரும்புங்கள். கோயில், தண்ணீர்த் தொட்டி, டீக்கடை என்று மூன்று அடையாளங்களைச் சொல்லிக்கொண்டே போங்கள், திரும்பும்போது அவற்றைக் குழந்தை தலைகீழாகச் சொல்லட்டும். பருப்பை வேன் வருவதற்கு முன் வீட்டுத் திண்ணையில் கடைந்துவிடுங்கள்.

எத்தன நாளு பாக்கறது? எப்ப டாக்டருகிட்டக் காட்டோணும்?

பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று வாரங்களில் நிமிடங்கள் குறைந்துவிடும். நான்கு வாரங்கள் கடந்தும் அழுகை குறையாமல் இருந்தாலோ, நாள்தோறும் வாந்தி, வயிற்றுவலி, தூக்கத்தில் அலறல் என்று வந்தாலோ, பள்ளியில் எதுவுமே உண்ணாமல் குடிக்காமல் இருந்தாலோ, பேச்சும் கழிப்பறைப் பழக்கமும் பின்னுக்குப் போய் நிலைத்துவிட்டாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குழந்தை ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு மட்டும் திடீரென மிரண்டால் நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே விசாரியுங்கள். அது விளையாட்டால் தீர்க்கும் காரியமல்ல.

வெள்ளிக்கிழம சிரிச்சுட்டே போனவ திங்கக்கிழம மறுபடியும் அழுகறாளே, எல்லாம் வீணாப் போச்சுங்களா?

இரண்டு நாள் வீட்டில் இருந்துவிட்டு வந்தால் அப்படித்தான். மேலே சொன்ன குழந்தை இரண்டாம் திங்களன்று பதினோரு நிமிடம் அழுதது, செவ்வாயன்று மூன்று. ஞாயிறு மாலையில் ஒருமுறை கோன்களை அடுக்கிவிட்டு, திங்கள் காலையில் பருப்பை வழக்கம்போல் தெருமுனையில் கடையுங்கள்.